வாப்பாவோடு ஒரு படம்

என்னிடம் கமரா இருப்பது தெரிந்த நாளிலிருந்து நான் வேலை செய்யும் கந்தோரில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. அதைத் தந்தவர் கனடாவில் இருக்கும் என் தம்பி. அவர் புதிதாக ஒன்று வாங்கியதும் பழையது எனக்கு வந்தது. நான் அதை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் ஓட்டோ முறையில் வைத்து, பட்டனை அழுத்துவதோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். கமராவின் மேலே உள்ள வட்டத்தில் மற்ற எழுத்துகளும் இருந்தன. அவை எனக்கானவை இல்லை என்று நினைத்திருந்தேன்.

கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவள் கிண்ணியாவிலிருந்து வரும் பிள்ளை. ஓர்ஸ் ஹில்லில் பஸ்ஸால் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து வந்து, முதல் வேலையாக என் தண்ணீர்ப் போத்தலைக் காலி செய்பவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பெண்கள் பக்கத்துப் படத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அவர்கள் வீட்டில் பெண்கள் இருக்கும் மண்டபத்துக்குள் வெளி ஆண்கள் வருவதில்லை. ஸ்டூடியோக்காரர் எல்லாரும் ஆண்கள். ஆகவே நான்.

அவள் கேட்டது இரண்டே விஷயம். ஒன்று, அந்த ஃபிளாஷ் வேண்டாம். நிச்சயதார்த்தத்துக்கு நான் ஓட்டோவில் எடுத்த படங்களில் ஃபிளாஷ் தானாகக் கிளம்பி அடித்து, உடுப்பில் இருந்த கல்லெல்லாம் வெள்ளைப் பொட்டாகி, மணப்பெண்ணின் மூக்கு எண்ணெய் பூசினது போல மின்னியிருந்தது.

மற்றது, அவளுடைய அப்பா, வாப்பா.

“அக்கா, வாப்பாவும் நானும் சேர்ந்து ஒழுங்கான படம் ஒண்டும் இல்ல. நான் நாலாம் வகுப்புப் படிக்கக்குள்ள கட்டாருக்கு வேலைக்குப் போனவர். லீவில வந்தா அவர்தான் எங்களைப் படம் எடுப்பார். இந்த முறையும் கல்யாணத்துக்கு அடுத்த நாள் விடியப் போறார். வாப்பாவோட ஒரு படம் மட்டும் வடிவா எடுத்துத் தாங்கோ. மிச்சம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி.”

“அதுக்கென்ன, ஒண்டுக்கு நூறு எடுத்துத் தாறன்” என்றேன். எனக்கு வாய் எப்போதும் கையை விட முந்திக்கொள்ளும்.

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க ஓட்டோவை விட வேண்டும் என்று வீடியோக்களில் சொன்னார்கள். வேலை முடிந்ததும் உள்துறைமுகக் கரைக்குப் போய் பழகத் தொடங்கினேன். கடற்படைக்காரர் விசாரிப்பார்கள் என்ற பயத்தில் துறைமுகத்தின் பக்கம் கமராவைத் திருப்பாமல், காகம், முச்சக்கர வண்டி, கடலை விற்பவர் என்று கரைப்பக்கத்தையே சுட்டுத் தள்ளினேன்.

மூன்று விஷயம்தான். லென்ஸுக்குள் ஒரு ஓட்டை. அதைப் பெரிதாக்கினால் கூட வெளிச்சம் வரும், சிறிதாக்கினால் குறையும். இதில் என்னை ஒரு கிழமை சுற்ற விட்டது அதன் இலக்கம்: எஃப் 1.8 என்றால் பெரிய ஓட்டை, எஃப் 8 என்றால் சின்ன ஓட்டை. இலக்கம் கூடக் கூட ஓட்டை சிறுக்கும். இரண்டாவது ஷட்டர். அது எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. ஒரு செக்கனில் நூற்றி இருபத்தைந்தில் ஒரு பங்கு என்றால் நடக்கிற மனிதர் படத்தில் அனேகமாக நின்றுவிடுவார். பதினைந்தில் ஒன்று என்றால் கடலைக்குக் கடதாசி சுருட்டும் கை புகையாகப் போய்விடும். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. வந்த வெளிச்சத்தைக் கமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்பது. அதைக் கூட்டினால் இருட்டிலும் படம் வரும், ஆனால் ரவை தூவினது போலப் புள்ளி விழும். ஒன்றில் எடுத்தால் மற்றதில் கொடுக்க வேண்டும். சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை.

ஆனால் பெரிய ஓட்டைக்கு இன்னொரு குணம் உண்டு. எதில் ஃபோகஸ் வைத்தோமோ அது மட்டும் கூர்மையாக இருக்கும், அதற்கு முன்னும் பின்னும் கலங்கிவிடும். இதைக் கண்ட நாள் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடலைக்காரரின் முகம் மட்டும் தெளிவு. அவருக்குப் பின்னால் தெரு முழுக்க மெல்லிய நிறங்கள். ஸ்டூடியோக்காரர் எடுத்த படம் மாதிரி. அதற்குப் பிறகு எஃப் 1.8ஐ விட்டு நான் இறங்கவில்லை. பின்னால் உள்ளதெல்லாம் கலங்க வேண்டும் என்பதே எனக்குப் படம் என்றாகிவிட்டது.

கல்யாணத்தன்று நான் நன்றாகத்தான் இருந்தேன். மண்டபத்தில் விளக்குகள் போதிய அளவு இருந்தன. எஃப் 1.8, நூற்றி இருபத்தைந்து, ஐ.எஸ்.ஓ. நானூறு. ஃபிளாஷ் இல்லை. ஆண்கள் பக்கம் நிக்காஹ் முடிந்து, மாப்பிள்ளை வந்து தாலி கட்டிப் போனபின், வாப்பா உள்ளே வந்தார். மெலிந்த மனிதர். இத்தனை பெண்களுக்கு நடுவில் வந்ததில் கூச்சப்பட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து, மகள் இருந்த பெரிய கதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

மகளின் கண்ணில் ஃபோகஸ் வைத்தேன். எடுத்தேன். நிறைய எடுத்தேன். கமராவின் சின்னத் திரையில் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருந்தது. அந்தத் திரையில் எதுவுமே தெளிவாகத்தான் தெரியும்.

பின்னேரம் வீட்டில் லப்டொப்பில் போட்டேன். அவளுடைய கண்ணிமை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவளுக்குப் பின்னால் ஒரு வெள்ளை உடுப்பும் ஒரு தொப்பியும் நடுவில் முகத்தின் நிறத்தில் ஒரு கலங்கலும். ஒன்று மாறி ஒன்று பார்த்தேன். எல்லாவற்றிலும் அப்படித்தான். பின்னால் தொங்கிய அலங்காரத் துணியைக் கலக்குவதாக நினைத்து, அவளுடைய வாப்பாவைக் கலக்கியிருந்தேன். ஓட்டோவிலேயே எடுத்திருந்தால், மூக்கு மின்னினாலும், அந்த மனிதருக்கு ஒரு முகம் இருந்திருக்கும்.

மறைக்கலாமா என்று நினைக்கக்கூட நேரம் இருக்கவில்லை. விடிந்தால் அவர் போய்விடுவார். உடனே போன் எடுத்து அவளுக்குச் சொன்னேன். போனில் கல்யாண வீட்டுச் சத்தம் கேட்டது.

“ஒண்டிலயும் இல்லையா அக்கா?”

“இல்லை. என்ர பிழை. பின்னால நிக்கிறவர் கலங்குவார் எண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்கேல்லை.”

“வாப்பா விடியச் சுபஹு தொழுதிட்டு வந்து வேனில ஏறுவார். அதுக்குள்ள வந்திடுவீங்களா?”

அவள் ஒரு சொல் ஏசியிருந்தால் எனக்கு நித்திரை வந்திருக்கும்.

விடிய என் கணவரின் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போனேன். அவர்கள் வீட்டு முன் விறாந்தையில் வாடகைக் கதிரைகள் அடுக்கியபடி இருந்தன. வெளிச்சம் அப்போதுதான் வரத் தொடங்கியது. வாப்பா தொழுதுவிட்டு வந்து, பயணச் சட்டையோடு, பையைக் கதவடியில் வைத்துவிட்டு நின்றார். மகள் வீட்டுச் சட்டையில், தலையில் ஒரு முக்காட்டோடு, கையில் மருதோன்றிச் சிவப்போடு வந்தாள். நகை இல்லை, அலங்காரம் இல்லை. நேற்றைய நாளைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஏலாது.

இந்த முறை இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினேன். அதோடு விட்டேனா? நேற்றைய பயம் உடம்பில் இருந்தது. எஃப் 8 வைத்தேன். இனி எவரும் கலங்கக் கூடாது. ஓட்டை சிறுத்ததால் படம் இருண்டது. ஐ.எஸ்.ஓ.வை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றியிருக்கலாம். ரவை விழுந்த படத்தைப் பார்த்து ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று எண்ணூறிலேயே நிறுத்தினேன். மிச்சம் இருந்தது ஷட்டர். பதினைந்தில் ஒரு செக்கன். என் கை ஆடாமலிருக்கக் கமராவை அடுக்கிய கதிரைகளின் மேல் வைத்து, டைமர் போட்டேன். இவ்வளவும் எனக்கு ஒழுங்காகத் தெரிந்திருந்தது. ஒரே தூரத்தில் நிற்கும் இரண்டு பேருக்கு எஃப் 8 தேவையே இல்லை, எஃப் 2.8 வைத்தாலே நூற்றி இருபத்தைந்து கிடைத்திருக்கும் என்பது மட்டும் அந்த நேரத்தில் வரவில்லை.

“ஆடாமல் நில்லுங்கோ” என்றேன். “மூச்சையும் பிடிச்சுக்கொள்ளுங்கோ. ஆடினால் படம் பழுதாப் போயிடும்.”

வாப்பா மகளின் தோளில் கை வைத்தார். வைக்கலாமா என்று யோசித்து வைத்தது போலிருந்தது. இரண்டு பேரும் கமராவையே பார்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் பாராமல், சொன்னபடி நின்றார்கள். நாலைந்து எடுப்பதற்குள் வேன் வந்து ஹோர்ன் அடித்தது. அவர் பையை எடுத்தார். மகளின் தலையைத் தொட்டார். என்னைப் பார்த்து, “விடியக் காலையில கரச்சல் தந்திட்டம் மகள்” என்றார். வேன் போனபின் அவள் உள்ளே போய்விட்டாள். நான் கதிரைகளோடு நின்றேன்.

படத்தை அவளும் நானும் கந்தோரில், அவள் லீவு முடிந்து வந்த முதல் நாள், பெரிய திரையில் பார்த்தோம். எனக்குத் தனியே பார்க்கத் துணிவிருக்கவில்லை. இரண்டு முகமும் கூர்மை. அவருடைய தாடி நரைகூடத் தெரிந்தது. அவள் “வாப்பா” என்று மெல்லச் சிரித்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

பிறகு அவள் விரலால் ஒரு இடத்தைத் தொட்டாள். தோளில் இருந்த கை. மற்றதெல்லாம் அசையாமல் இருக்க, அந்தக் கை மட்டும் நாலைந்து படத்திலும் இரட்டை இரட்டையாகக் கலங்கியிருந்தது.

“அது ஷட்டர்” என்றேன் அவசரமாக. “நான் மெதுவா வைச்சிட்டன். கொஞ்சம் வேகமா வைச்சிருந்தால் கை நிண்டிருக்கும். பிழை என்னில.”

“கை நடுங்கினது அக்கா. எனக்குத் தெரிஞ்சது. நீங்க ஆட வேணாம் எண்டு சொன்னதால நான் திரும்பிப் பார்க்கல்ல.”

அவள் போனில் அந்தப் படத்தை வாப்பாவுக்கு அனுப்பினாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. அவள் என் பக்கம் போனை வைத்து அதைப் போட்டாள். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். அதற்கு மேலால் அவர் உரத்துப் பேசினார்.

“படம் நல்லா இரிக்கி மகள். அந்தப் புள்ளைக்கிட்ட ஒண்டு சொல்லுங்க. அவ ஆடாம நிக்கச் சொன்ன. என்ட கைதான் ஆடிட்டு. படத்தப் பழுதாக்கிட்டன், மன்னிச்சிக்கொள்ளச் சொல்லுங்க.”