குருவியும் வேகாத பருப்பும்

எங்கள் விடுதியில் அவளைக் குருவி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் சிறியவள். ஓயாமல் பேசுவாள், ஓயாமல் தின்பாள், எடை மட்டும் ஏறாது. நானும் அவளும் மூன்று வருடம் ஒரே அறை. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொறாமை. வேறென்ன?

அவளுடைய அப்பா லாரி ஓட்டுகிறவர், அம்மா தையல் கடையில் வேலை. இருவருக்கும் வீட்டில் இருக்க நேரமில்லாததால் பத்து வயதிலேயே அவளை விடுதியில் விட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து நான்கு விடுதி மாறியிருக்கிறாள். அடுப்பைப் பற்றவைத்ததே கிடையாது. மணி அடித்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்கிறவளும் பின்னால் நிற்கிறவளும் இரண்டே நிமிடத்தில் அவளுக்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள். பரிமாறுகிற அக்கா அவளுக்கு மட்டும் ஒரு கரண்டி கூடப் போடுவாள். நானும் அதே வரிசையில்தான் நிற்கிறேன், எனக்கு ஏன் போடுவதில்லை?

எனக்குச் சமைக்கத் தெரியும். எட்டாம் வகுப்பிலிருந்து வீட்டில் ஐந்து பேருக்குச் சமைத்தவள் நான். ஞாயிற்றுக்கிழமை மதியத்தோடு உணவுக்கூடத்தை மூடிவிடுவார்கள். ராத்திரிக்கு அவரவர் பாடு. மாடியில் மாணவிகளுக்கென்று ஒரு சின்ன சமையலறை உண்டு, ஒரே ஒரு மின்அடுப்பு. போன வருடம் யாரோ எதையோ கருகவிட்டு மூன்று முறை புகைமணி அலறியதில் வார்டன் மேடம் அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அன்றிலிருந்து ஞாயிறு என்றால் எங்களுக்கு ரொட்டியும் பச்சைத் தண்ணீரும்தான். பசி எனக்கு ஆகவே ஆகாது. பசித்தால் பக்கத்தில் யாரும் வரமுடியாது.

நான்தான் போய்க் கேட்டேன். வார்டன் மேடம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை வைத்தார்.

"புதுப் பொண்ணுங்க பாக்கற மாதிரி ஒன்றரை நிமிஷ வீடியோ எடுங்க. ஒரே பாத்திரம், ஒரே சாப்பாடு. சமையலே தெரியாத பொண்ணு கூட அதைப் பாத்துச் செய்யணும். செஞ்சதை நான் வாயில வச்சுப் பாப்பேன். நல்லா இருந்தா ஞாயித்துக்கிழமை சாவி உங்களுக்கு. இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

அன்று மாலையே உட்கார்ந்து எழுதினேன். தாளை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் என்ன தெரியவேண்டும், வலது பக்கம் என்ன பேசவேண்டும். அரிசி ஒரு டம்ளர், தோலோடு இருக்கிற பருப்பு அரை டம்ளர், தண்ணீர் நாலு டம்ளர், ஒரு வெங்காயம், ஒரு கேரட், நாலு தக்காளி. எண்ணெயில் வெங்காயம் வதங்கியதும் பருப்பும் தண்ணீரும். பருப்பு நசுக்கினால் நசுங்குகிற அளவு, இருபது நிமிடம். பிறகு அரிசி, கேரட், உப்பு, மூடி, குறைந்த சூடு. அரிசி முக்கால் வெந்த பிறகுதான் தக்காளி. அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மூடியைத் திறக்கவே கூடாது. ஒவ்வொரு வரிக்கும் எத்தனை நொடி என்றுகூடக் குறித்திருந்தேன். அது என் எழுத்து, என் சமையல், என் பசி. அதில் நிற்கப்போவதும் நான்தான் என்று நினைத்திருந்தேன்.

படம் பிடிக்கப் பக்கத்து அறையிலிருந்து ஒருத்தி வந்தாள். காட்சி ஊடகம் படிக்கிறவள். அவளுக்கு எங்களிடம் பெயர் கேமராக்காரி. தாளைப் படித்தாள், பிரமாதம் என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல் என் பின்னால் பார்த்தாள்.

"குருவி நிக்கட்டும். அவளுக்குத்தான் சமையல் தெரியாது, மேடம் கேட்டதும் அதானே? அவ பேசுனா பாக்கறவங்க சிரிச்சுக்கிட்டே பாப்பாங்க."

"நான் பேசுனா?" என்றேன்.

"நீ பேசுனா பரிட்சைக்குப் படிச்சுட்டு வந்த மாதிரி இருக்கும்டி. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் பின்னே எப்படி எடுத்துக்கொள்வதாம்? வயிறு எரிந்தது. குருவி வேறு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துலயே நில்லு, எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று கெஞ்சினாள். அந்தக் கெஞ்சல் இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒன்றும் தெரியாதவளுக்கு மேடை, எல்லாம் தெரிந்தவளுக்கு ஓரம். நல்ல நியாயம்!

சனிக்கிழமை மதியம் வார்டன் மேடம் சமையலறையைத் திறந்துவிட்டார். கேமராக்காரி அலமாரியின் மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்தாள், கையில் இன்னொன்றை வைத்துக்கொண்டாள். நான் தொட்டியருகே தாளோடு நின்றேன். குருவி வெங்காயத்தை நறுக்கிக் கண்ணீரோடு கேமராவைப் பார்த்து, "எங்கம்மா மேல சத்தியமா நான் அழல" என்றாள். கேமராக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் எழுதாத வரி அது. என் வரிகளில் ஒன்றுக்குக்கூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

வெங்காயம் வதங்கியது. பருப்பும் தண்ணீரும் விழுந்தன. கேமராக்காரி போனைப் பாத்திரத்துக்கு மேல் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஒரே பழுப்பா இருக்குடி. ஆரம்பத்துலயே கண்ணுக்கு நெறமா ஏதாவது வேணும். இல்லேன்னா தள்ளிவிட்டுட்டுப் போயிடுவாங்க."

"தக்காளியை இப்பவே போட்டுடலாமா?" என்றாள் குருவி. "செக்கச்செவேல்னு இருக்கும்ல?"

"சூப்பர்! போடு போடு." கேமராக்காரி என் பக்கம் திரும்பினாள். "எழுதுனவங்களே, உங்களுக்கு ஓகேவா?"

பருப்பு வேகுமுன் புளிப்பு சேர்ந்தால் அது லேசில் வேகாது. அதுவும் நாலு தக்காளி. அரிசி குழைந்துபோனாலும் பருப்பு கல்லு மாதிரி நிற்கும். சமைக்கத் தெரிந்த எவளுக்கும் தெரிகிற விஷயம். அதனால்தான் தக்காளியைக் கடைசியில் எழுதியிருந்தேன். படம் எடுக்கிற வரிசை வேறு, பாத்திரத்தில் போடுகிற வரிசை வேறு. தக்காளியைத் தனியாக ஒரு தட்டில் வைத்து எடுத்தால்கூட நிறம் வந்திருக்கும். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

நாலு தக்காளியும் விழுந்தன. இருபது நிமிடம் கழித்து என் தாளில் இருந்தபடியே அரிசி போனது, மூடி போனது. யாரும் பருப்பை நசுக்கிப் பார்க்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாவி என் கண்முன்னே அந்தப் பாத்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது உறைக்கவே இல்லை. குருவி எல்லோர் முன்னாலும் அசிங்கப்படப்போகிறாள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

வார்டன் மேடம் வந்தார். குருவி தட்டில் போட்டு நீட்டினாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேடம் ஒரு வாய் வைத்தார். கடக் என்று சத்தம் கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன, கல்லா?"

குருவி ஒரு கரண்டி அள்ளித் தின்று பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என் தப்புதான் மேடம். இவ கரெக்டா எழுதித் தந்தா. நான்தான் மாத்தினேன்."

கேமராக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். மேடம் கதவைப் பூட்டிச் சாவியோடு இறங்கிப் போனார். அவமானம் குருவிக்குத்தான், நினைத்தபடியே நடந்துவிட்டது. ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவள் ஏன் என்னைக் காப்பாற்றுகிறாள் என்று கோபம்தான் வந்தது. அந்தப் பாத்திரத்தை அறைக்கு எடுத்து வந்து, பருப்பைத் துப்பித் துப்பி அவளே பாதியைத் தின்றாள். சோற்றை வீணாக்க அவளால் முடியாது.

மறுநாள் காலை கேமராக்காரி எடுத்ததையெல்லாம் கணினியில் போட்டுப் பார்த்தாள். நாங்கள் மூவரும் அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். அலமாரி மேல் வைத்த போனை நான் மறந்தே போயிருந்தேன். அது முழு அறையையும் பிடித்திருந்தது. முன்னால் குருவி தக்காளியைப் போடுகிறாள். பின்னால், தொட்டியருகே, தாளை மார்போடு அணைத்துக்கொண்டு நான் சிரிக்கிறேன். கொஞ்சமாகச் சிரிக்கவில்லை. பல் தெரியச் சிரிக்கிறேன்.

கேமராக்காரி நிறுத்தினாள். மறுபடி ஓடவிட்டாள்.

"உனக்கு அப்பவே தெரியுமா?" என்றாள் குருவி.

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"பொறாமை" என்றேன். பொய் எதுவும் கைவசம் இல்லை.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்கு தீர்ந்திருக்கும். அவள் கண் கலங்கியது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு கேமராக்காரியிடம், "அந்தத் துண்டை வெட்டிடுடி, மேடம் பாத்தா இவளைத் திட்டுவாங்க" என்றாள்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. கேமராக்காரியின் கணினியைப் பிடுங்கிக்கொண்டு மாடியிறங்கி வார்டன் அறைக்குப் போனேன். ஓடவிட்டுக் காட்டினேன். மேடம் இரண்டு முறை பார்த்தார்.

"உனக்கும் ஞாயித்துக்கிழமை சாப்பாடு வேணும்தானே?"

"வேணும் மேடம்."

"அப்புறம் எதுக்கு இப்படிச் செஞ்சே?"

பதில் சொன்னேன். இப்போது சொல்வதைப்போல அப்போது சுலபமாக வரவில்லை. மேடம் ரொம்ப நேரம் சாவியை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"மறுபடி எடுங்க. குருவியே செய்யட்டும், நீ பக்கத்துல நின்னு சொல்லிக்கொடு. ஆனா இந்தத் தப்பும் வீடியோல இருக்கணும். தக்காளியை முன்னாடி போட்டா என்ன ஆகும்னு புதுப் பொண்ணுங்களுக்குத் தெரியட்டும். உன் சிரிப்பையும் வெட்டக் கூடாது."

அடுத்த சனிக்கிழமை எடுத்தோம். பருப்பு வெந்த பிறகு அரிசி, அரிசி முக்கால் வெந்த பிறகு தக்காளி, பத்து நிமிடம் மூடி. மேடம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாவி எங்களுக்கு வந்தது.

இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூடத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டினார்கள். குருவி பேசினாள், எல்லோரும் சிரித்தார்கள். தக்காளி விழுகிற இடத்தில் கேமராக்காரி படத்தை நிறுத்திப் பெரிதாக்கியிருந்தாள். திரையை அடைத்துக்கொண்டு நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் சிரிப்பு அடங்கிப்போயிற்று. முன் வரிசையில் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அக்கா, பின்னாடி சிரிக்கிறாங்களே, அவங்க யாரு?"

நான் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். குருவி மைக்கை வாங்கினாள்.

"என் ஃப்ரெண்டு. எனக்கு இதைச் சமைக்கக் கத்துக்கொடுத்தவ."

எல்லோரும் கை தட்டினார்கள். அவளுக்குத்தான்.