திங்காட் பக்கத்தில் வைத்த மோடம்

வீரம்மாவின் கைச்சமையலைச் சாப்பிட்டவர்கள் மலேசியாவின் கிள்ளானில் நிறைய பேர். அவள் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள்தான் குறைவு. கணவன் விட்டுப் போன பிறகு, லிட்டில் இந்தியா துணிக்கடைப் பெண்களுக்கும் போர்ட் கிள்ளான் கிடங்குகளில் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் திங்காட்டில் சோறு அனுப்பித்தான் மகள் வாணியைப் படிக்க வைத்தாள். திங்காட் என்றால் அடுக்குப் பாத்திரம். கிண்ணத்தின் மேல் கிண்ணம் அடுக்கி, மேலே கைப்பிடி போட்ட எவர்சில்வர் பாத்திரம். அவள் வீட்டுப் பின்கட்டுச் சமையலறையில் ஒரு சுவர் முழுக்க அலமாரி. அந்த அலமாரி முழுக்கத் திங்காட்.

அந்தத் திங்காட்டை வைத்துத்தான் சம்பந்திகளுக்குள் முதல் விரிசல் விழுந்தது.

வாணி ஆஸ்திரேலியாவில் பெர்த் மருத்துவமனை ஒன்றில் தாதியாக வேலை செய்யப் போன இடத்தில் அருணனை விரும்பினாள். அவனுடையது கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் மூன்று தலைமுறையாக இருக்கும் யாழ்ப்பாணக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே அரசாங்க உத்தியோகம். பேசி முடிக்கப் போன அன்று வீரம்மா தன் கையால் அதிரசமும் முறுக்கும் செய்து, இருப்பதிலேயே புதுத் திங்காட்டில் அடுக்கிக் கொண்டு போனாள். அருணனின் அம்மா நேசம்மா அதை வாங்கிச் சமையலறையில் வைத்தார். புறப்படும்போது அப்படியே திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், ஒரு முறுக்குகூட உடையவில்லை.

"எம் பலகாரத்தத் தொடாத வீட்டுல எனக்கென்ன வேல? கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்."

சொன்னதைச் செய்தாள். கல்யாணம் பெர்த்தில் என்று முடிவானபோதும் பாஸ்போர்ட் எடுக்கவில்லை. வாணி அழுதாள், கெஞ்சினாள், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டாள். கல்யாணத்துக்குப் பத்து நாள்கூட இல்லாதபோதுதான் ஒரு சாயங்காலம் போனில் மெதுவாகச் சொன்னாள்:

"வராட்டி பரவால்லம்மா. வீடியோ கால்ல இருங்க. தாலியத் தட்டுல வச்சுப் பெரியவங்ககிட்டக் காட்டுவாங்கல்ல, உங்களுக்கும் காட்டச் சொல்றேன். நல்லா இருங்கன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னப்புறந்தான் அருணன் கட்டுவாரு."

பெற்ற வயிறு. கல்லாகவா இருக்கும்? வீரம்மா சரி என்றாள்.

ஆனால் அவள் வீட்டில் போன் லைன் தட்டுத்தடுமாறும். அந்த வீட்டு வரிசைக்குக் கேபிள் இன்டர்நெட் இன்னும் வரவில்லை. அதனால் வாணி சொன்னபடி லிட்டில் இந்தியாவில் பாலனின் ஹேண்ட்போன் கடைக்குப் போய், சிம் கார்டு போட்டு ஓடும் மோடம் ஒன்றை வாங்கி வந்தாள். சுவரில் கம்பி இழுக்கத் தேவையில்லை. பிளக்கைச் செருகினால் போதும், அதுவே டவரிலிருந்து லைனை வாங்கி வீட்டுக்கு வைஃபையாகக் கொடுக்கும். பாலன் எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தான். கடையில் கூட்டம். எங்கே வைப்பது என்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று.

வீரம்மா மோடம் கம்பெனி நம்பருக்கே போன் போட்டாள். ஒரு மலாய்க்காரப் பையன் பேசினான். சமையலறையில் குக்கர் விசில், வாசலில் லோரி சத்தம். "லெத்தாக் டெக்காட் திங்காட், காக். பாரு லைன் குவாட்," என்று அவன் சொன்னது அவள் காதில் விழுந்தது. திங்காட் பக்கத்தில் வையுங்கள் அக்கா, அப்போதுதான் லைன் பலமாக இருக்கும்.

கூடமாட உதவும் ரமணி பாத்திரம் துலக்கிக்கொண்டே சிரித்தாள். "நம்ம வீட்டுல திங்காட் இருக்குறது அவனுக்கு எப்படிக்கா தெரியும்?"

"அந்தக் காலத்துல டிவி ஏரியல் அலுமினியத்துலதான இருந்துச்சு? இரும்பு, எவர்சில்வர் எல்லாம் லைன இழுக்கும் போல. படிச்சவன் சொல்றான். உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாதுலா. பாத்து, சாம்பார்ல வைஃபை கலந்துடப் போவுது."

மோடம் அலமாரியின் நடுத்தட்டில் ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. ரைஸ் குக்கரில் சோறு வேகும்போது எரிவதும் சிவப்புதானே, வேலை நடக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். போனில் வைஃபைக் கோடுகள் முழுசாக நின்றன. மத்தியானத்தில் வாணியிடம் பேசிப் பார்த்தாள். கொஞ்சம் திக்கினாலும் முகம் தெரிந்தது, குரல் கேட்டது. அந்த நேரத்தில் அலமாரி காலியாக இருந்ததை அவள் கவனிக்கவில்லை. மத்தியானத்தில் திங்காட் எல்லாம் சாப்பிடுகிறவர்களிடம் போயிருக்கும்.

கல்யாணத்தன்று சமையலுக்கு லீவு விட்டாள். முந்தின நாளே அத்தனை திங்காட்டையும் திருப்பி வாங்கி, துலக்கித் துடைத்து, அலமாரியில் இடைவெளி இல்லாமல் அடுக்கினாள். முன்னும் பின்னும் மேலும் கீழும் எவர்சில்வர். கோட்டைக்குள் ராஜா மாதிரி நடுவில் மோடம். கண்ணுக்கு நிறைவாகத்தான் இருந்தது.

காலையில் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, போனை மிளகாய்த்தூள் டப்பாவில் சாய்த்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ரமணி. பெர்த் கோயில் மண்டபம் துண்டு துண்டாகத் தெரிந்தது. மேளம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. சிவப்புக் கூறைப்புடவையில் வாணி. யாரோ ஒரு பெண் தட்டில் இருந்த தாலியைப் போனுக்கு நேராகப் பிடித்தாள்.

"அம்மா, சொல்லுங்கம்மா," என்றாள் வாணி.

வீரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்ல நேரத்தில் கண்ணீரைக் காட்டக்கூடாது என்று முகத்தை ஒரு பக்கம் திருப்பி, முந்தானையால் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நல்லா இருங்க சாமி. ரெண்டு பேரும் நூறு வருசம் நல்லா இருங்க. கட்டுங்க தம்பி."

வாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா?"

"சொல்லிட்டேன்டா கண்ணு. கட்டச் சொல்லு."

"அம்மா, சொல்லுங்கம்மா."

வீரம்மா உரக்கச் சொன்னாள். ரமணியும் சேர்ந்து கத்தினாள். ஐயர் எதையோ சொல்லி அவசரப்படுத்தினார். நேசம்மா குனிந்து வாணியின் காதில் பேசுவது தெரிந்தது. பிறகு படம் கறுத்தது. எத்தனை முறை கூப்பிட்டும் கால் போகவில்லை.

"அவதான்," என்றாள் வீரம்மா. "காதுல சொன்னாள்ல, பாத்தியா? கட் பண்ணச் சொல்லிட்டா."

"லைன் போயிருக்கும்கா."

"கோடு முழுசா நிக்குது. கண்ணு தெரியலையா உனக்கு?"

அவமானம் நெஞ்சில் ஏறிவிட்டால் அறிவு எங்கே நிற்கும்? போனை வாயருகே பிடித்து வாய்ஸ் மெசேஜ் ஒன்றைப் பேசினாள். பலகாரத்தைத் திருப்பிக் கொடுத்தவள் இன்று என்னையே திருப்பி அனுப்பிவிட்டாள், அந்த வீட்டில் நீ எப்படி வாழ்கிறாய் என்று பார்க்கிறேன், இனிமேல் எனக்கு மகள் இல்லை. இப்படி முடிந்தது அது. சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரமணி கையைப் பிடித்தாள், வீரம்மா உதறினாள். கடைசியில் அது போய்ச் சேர்ந்தது. உயிரை ஊற்றிச் சொன்ன வாழ்த்தில் ஒரு சொல்கூடப் போகவில்லை. வசை மட்டும் தவழ்ந்து தவழ்ந்து கடலைத் தாண்டிவிட்டது.

பதில் வரவில்லை. வாரம் ஒன்று ஓடியது. மோடத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பாலன் கடைக்குப் போனாள் வீரம்மா.

"இத எடுத்துக்க தம்பி. இனிமே நான் யார்கிட்டப் பேசப் போறேன்?"

"ஏன் ஆன்டி? லைன் கிடைக்கலையா?"

"லைன் எல்லாம் முழுசாத்தான் இருந்துச்சு."

"போன்லயா பாத்தீங்க? அது போனுக்கும் மோடத்துக்கும் உள்ள லைன். பக்கத்துல உக்காந்தா முழுசாத்தான் காட்டும். மோடத்துக்கும் டவருக்கும் உள்ள லைன் வேற. அது மோடத்துல இருக்குற இந்த விளக்குல தெரியும். என்ன கலர் எரிஞ்சுச்சு?"

"சிவப்பு."

"சிவப்புன்னா லைன் வீக்கு. எங்க வச்சிருந்தீங்க?"

"கம்பெனிக்காரன் சொன்ன எடத்துலதான். திங்காட் பக்கத்துல."

பாலன் முதலில் சிரித்தான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான்.

"ஆன்டி, திங்காட் இல்ல. திங்காப். ஜன்னல். ஜன்னல் பக்கத்துல வைக்கச் சொல்லியிருப்பான். அவங்க பேசுறப்ப கடைசி எழுத்து வாய்க்குள்ளயே போயிடும்."

"அலமாரி பின்கட்டுல இருக்கு தம்பி," என்றாள் வீரம்மா. "முழுக்கத் திங்காட்."

"பின்கட்டுல, சுவத்துக்கு உள்ள, சுத்தி எவர்சில்வர். டவர்லேருந்து வர்றத அது மறைச்சிடும். அப்பவும் அந்தப் பக்கத்துலேருந்து வர்றது தட்டுத்தடுமாறி வந்துடும். டவருக்குப் பவர் அதிகம். இங்கேருந்து போறதுதான் கஷ்டம். இந்தச் சின்னப் பெட்டிக்குச் சத்து அவ்வளவுதான்."

"அப்ப நான் பேசினது?"

"போயிருக்காது ஆன்டி. உங்க படமும் எங்கயாவது நின்னு போயிருக்கும்."

அவன் வேறு என்னவோ சொன்னான். எந்த ஜன்னல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டுமாம், விளக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம். அவள் காதில் பாதிதான் விழுந்தது. மெசேஜ் போன அந்த நேரத்தை யாராவது திருப்பிக் கொடுக்க மாட்டார்களா என்றுதான் மனம் அரற்றிக்கொண்டிருந்தது.

வீட்டில் முதலில் பக்கவாட்டு ஜன்னலில் வைத்தாள். மஞ்சள். முன்கூடத்து ஜன்னலோரம் முக்காலி போட்டு, நீள வயர் இழுத்து வைத்தாள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், கடைவரிசைக்கு மேலே டவர் நேராகத் தெரிந்தது. விளக்கு பச்சையானது. இவ்வளவுதான். ஒரு பெட்டியை வீட்டின் பின்னாலிருந்து முன்னால் கொண்டு வரும் வேலை.

மூன்றாம் முறை கூப்பிட்டபோதுதான் வாணி எடுத்தாள். படம் அசையாமல், பளிச்சென்று வந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. கண்ணுக்குக் கீழே கருவளையமும் தெரிந்தது.

வீரம்மா எல்லாவற்றையும் சொன்னாள். திங்காட், திங்காப், சிவப்பு விளக்கு. சொல்லும்போதே எவ்வளவு அற்பமாக இருந்தது.

"நான் சொன்னேன்டா. தாலியப் பாத்ததும் நல்லா இருங்கன்னு சொன்னேன். ரமணியக் கேளு."

வாணி வெகுநேரம் பேசவில்லை. லைன் நின்றுவிட்டதோ என்று வீரம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். பச்சைதான்.

"எங்களுக்கு நீங்க முகத்தத் திருப்பிக்கிட்ட மாதிரியே படம் நின்னுச்சும்மா. அத்தைதான் என் காதுல, இன்னும் கொஞ்ச நேரம் பாப்பம், அம்மா கட்டாயம் சொல்லுவாங்கன்னு சொன்னாங்க. ஐயர் நேரமாச்சுன்னாரு. அப்புறம்தான் கட்டினாங்க."

"நேசம்மாவா அப்படிச் சொன்னாங்க?"

"சாப்பாட்டுப் பந்தியில உங்க வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. அம்மா வாழ்த்து அனுப்பிட்டாங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டு, நானே ஸ்பீக்கர்ல போட்டேன்."

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தை அதுக்கப்புறம் எதுவும் சாப்பிடலம்மா. அவங்களுக்குச் சர்க்கர. வெளிப் பலகாரம் தொடக்கூடாது. வீட்டுல சாப்பிட வேற யாரும் இல்லன்னுதான் பேசி முடிக்க வந்த அன்னைக்குத் திருப்பிக் குடுத்தாங்களாம். அதயும் கல்யாணத்தன்னைக்குத்தான் சொன்னாங்க."

"மன்னிச்சுடுன்னு நான் அவங்ககிட்டச் சொல்றேன். போனக் குடு."

"அவங்க கே.எல். வீட்டுக்குத் திரும்பிட்டாங்க. இப்ப வேணாம்மா."

"அப்ப நீயாவது கேளு. நல்லா இருங்க சாமி. ரெண்டு பேரும் நல்லா இருங்க."

"கேட்டுச்சும்மா," என்றாள் வாணி. சொல் ஒவ்வொன்றும் தெளிவாக வந்தது. அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வீரம்மாவுக்குத் தேவலாம் போலிருந்தது. "டியூட்டிக்கு நேரமாச்சு. வைக்கிறேன்."

மகள் முகம் மறைந்த பிறகும் வீரம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே நெடுஞ்சாலையில் லோரிகள் போய்க்கொண்டிருந்தன. பின்கட்டிலிருந்து ரமணி, "அக்கா, வாணி என்ன சொல்லிச்சு?" என்று கேட்டாள்.

"கேட்டுச்சுன்னு சொன்னா," என்றாள் வீரம்மா.