லேபிளில் மட்டும் இருந்த ஒரிசனால்

எண்ணெய் ஆலை ஆய்வகத்தில் பத்தொன்பது வருஷமாகத் தவிட்டெண்ணெயைச் சோதித்தவளுக்குக் 'கறார் அக்கா' என்று பேர். ஒரு புள்ளி பிசகினாலும் கையெழுத்துப் போடமாட்டாள்.

போன வருஷம் ஆலை காரம் போட்டுச் சுத்திகரிக்கும் முறைக்கு மாறியது. எண்ணெயின் அமிலம் போனது. கூடவே, கொழுப்பைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்யும் ஒரிசனாலும் பெரும்பாலும் சோப்புக் கழிவோடு போய்விட்டது. லேபிளில் மட்டும் பழைய அளவு அசையாமல் நின்றது.

"சூரியகாந்தியிலயும் ஆலிவ்லயும் இல்லாதது நம்மகிட்ட கொஞ்சமாவது இருக்கே, விடும்மா" என்றார் மேலாளர்.

அவள் விட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

ஊழியர்களுக்கு ஆலை மாதாமாதம் கொடுக்கும் எண்ணெய் டின் அவள் வீட்டுக்கும் வந்தது. இன்று காலை அலமாரியைத் துடைத்தபோது டின்னுக்குப் பின்னால் கணவரின் கொழுப்பு மாத்திரைகள் அட்டை அட்டையாகப் பிரிக்காமல் கிடந்தன. போன வருஷம் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த மனிதர்.

"என்னங்க இது?"

அடுப்பில் உருளைக்கிழங்கு பொரித்துக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சிரித்தார். "நாலு மாசமா நிறுத்திட்டேன். அதான் எண்ணெயிலயே ஒரிசனால் இருக்கே!"

லேபிளில் போட்டிருந்த அளவு முழுசாக இருந்தாலும் அது மாத்திரைக்கு ஈடாகாது. அவளுக்கு அது தெரியும்.

"நீ கையெழுத்துப் போட்ட எண்ணெய். எனக்கென்ன பயம்?" என்றவர், கரண்டியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டார். "விடிஞ்சதுலேர்ந்து இடது தோள்தான் என்னமோ இழுக்குது."