ரீலிங் பிரிவின் தலையில் விழுந்த வாடகை

அந்தச் சனிக்கிழமை காலை டைப்பிஸ்ட் மேஜையில் ஒரு காகிதத்தைப் பார்த்தேன். முதலாளி கைப்பட எழுதிக் கொடுத்திருந்த நோட்டீஸ் அது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ரீலிங் பிரிவு மூடப்படும், அங்கே வேலை செய்யும் எண்பது பெண்களுக்கும் கணக்குத் தீர்க்கப்படும் என்று இருந்தது. கடைசி வரியில் காரணம்: “பிரிவு மாதம் ஆயிரத்து நானூறு ரூபாய் நஷ்டத்தில் ஓடுவதால்.”

அந்த ஆயிரத்து நானூறு நான் எழுதிய எண்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருமயம் போகிற சாலையில் இருந்த ஒரு நூல் மில்லில் நான் கணக்கு குமாஸ்தா. ஆவூர்ப் பக்கத்துக்காரன், வாத்தியார் மகன். தபாலில் பாடம் வாங்கி, காஸ்ட் அக்கவுண்ட்ஸ் என்கிற அடக்கவிலைக் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். அது தெரிந்துதான் முதலாளி, பிரிவு வாரியாக லாப நஷ்டம் போட்டுத் தரச் சொன்னார். மில்லில் மூன்று பிரிவுகள். பஞ்சைச் சிக்கெடுத்துத் திரியாக்குவது கார்டிங். திரியை நூலாக முறுக்குவது ஸ்பின்னிங். அந்த நூலைக் கைத்தறிக்காரர்களுக்குச் சிட்டமாகச் சுற்றிக் கட்டுவது ரீலிங்.

ஒவ்வொரு பிரிவின் கூலியும் அந்தந்தப் பிரிவுக்கே போய்விடும், அதில் சிக்கல் இல்லை. மில்லுக்கே பொதுவான செலவுகள்தான் தொல்லை. கட்டட வாடகை, விளக்கு, இயந்திரத் தேய்மானம், தீ இன்சூரன்ஸ், பழுது பார்ப்பது, கேன்டீன், டைம் ஆபீஸ் எல்லாம் சேர்த்து மாதம் பத்தாயிரம் ரூபாய். இதை மூன்று பிரிவுக்கும் பிரிக்க வேண்டும். அன்று என் கைக்கு எட்டிய புத்தகம் டைம் ஆபீஸ் வருகைப் பதிவேடு. கார்டிங்கில் ஐம்பது பேர், ஸ்பின்னிங்கில் எழுபது பேர், ரீலிங்கில் எண்பது பேர். ஆள் கணக்கில் பத்தாயிரத்தையும் பிரித்தேன். ரீலிங்குக்கு நாலாயிரம் விழுந்தது. அரை நாளில் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

முதலாளி வெளியே ஒரு கான்ட்ராக்டரிடம் விலை கேட்டிருந்தார். அதே அளவு சிட்டத்தை அவன் மாதம் ஒன்பதாயிரத்துக்குச் சுற்றித் தருவதாகச் சொன்னான். எங்கள் ரீலிங்கில் கூலி ஆறாயிரத்து நானூறு, என் புண்ணியத்தில் பொதுச் செலவு நாலாயிரம், ஆகப் பத்தாயிரத்து நானூறு. வித்தியாசம்தான் அந்த நஷ்டம்.

நோட்டீஸைப் படித்துவிட்டு என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். ரீலிங் ஷெட்டில் இருந்தவை காலால் மிதித்துச் சுற்றும் மரச் சட்டங்கள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருபதாயிரம் ரூபாய் பெறாது. ஸ்பின்னிங் இயந்திரங்கள் மூன்று லட்சத்து முப்பதாயிரம், கார்டிங் ஒன்றரை லட்சம். அந்த ஐந்து லட்ச ரூபாய் இயந்திரங்களின் தேய்மானத்திலும் இன்சூரன்ஸிலும் நூற்றுக்கு நாற்பதை மரச் சட்டங்களின் மேல் ஏற்றியிருக்கிறேன். இதைச் சொன்னால் நான் தப்பாகக் கணக்குப் போட்டேன் என்று சொன்னதாகும். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டிருந்த கூட்டம் முடிந்ததும் நோட்டீஸ் ஒட்டப்படும்.

டைப்பிஸ்டிடம், “இது திங்கக்கிழம வரைக்கும் இருக்கட்டுமே,” என்றேன்.

“மொதலாளி இன்னைக்கே கேட்டாருன்னா?”

“கேட்டா என் பேரச் சொல்லுங்க.”

ஸ்டோரில் டேப் வாங்கிக்கொண்டு இடம் அளக்கப் போனேன். வாடகையை அவரவர் அடைத்திருக்கிற இடத்தின் கணக்கில்தான் பிரிக்க வேண்டும். கார்டிங், ஸ்பின்னிங் இரண்டையும் அளந்துவிட்டு ரீலிங் ஷெட்டுக்குள் நுழைந்தபோது சட்டங்களின் தடதடப்பு ஒவ்வொன்றாக நின்றது. கதவிலிருந்து டேப்பை இழுத்துக்கொண்டு போனேன். பாதி தூரத்தில் அது நகரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு பெண் டேப்பின் மேல் காலை வைத்து நின்றுகொண்டிருந்தாள். கறம்பக்குடிப் பக்கம், நாற்பது வயது இருக்கும். ரீலிங்கில் எல்லோருக்கும் அவள் சொல்தான்.

“என்ன சார் அளக்குறீங்க?”

“எடத்தத்தாங்க.”

“எடத்த அளந்துட்டு எங்கள எங்கிட்டு அனுப்பப் போறீங்க? புது மிஷினு வருதாம்ல?”

“அப்படியெல்லாம் இல்லீங்க.”

“இல்லாமயா அளக்குறீங்க? பொய் சொல்லாதீங்க சார். ஒங்களுக்கு வீட்டுல ஆத்தா இருக்காங்கல்ல?”

நோட்டீஸைப் பற்றிச் சொன்னால் அந்த நிமிடமே வேலை நின்று வாசலில் கூட்டம் கூடும். முதலாளி வீம்புக்காகவே மூடுவார். டேப்பை இழுத்துப் பிடித்தபடி இருந்தேன். எண்பது பேரும் என்னையே பார்த்தார்கள். கடைசியில் அவள் காலை எடுத்தாள். “அளங்க. நல்லா அளங்க,” என்றாள். அதில் இருந்த வெறுப்பு என் முதுகில் கடைசிச் சுவர் வரை கூடவே வந்தது.

ஷெட் ஐயாயிரம் சதுர அடி. ஆனால் பின்பக்கம் ஆயிரம் அடியில் பேல்கள், அதாவது பஞ்சுப் பொதிகள், கூரை வரை அடுக்கியிருந்தன. அவை கார்டிங்குக்குப் போகிறவை. ரீலிங் புழங்குவது நாலாயிரம்தான் என்று குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து உட்கார்ந்து, பத்தாயிரத்தை மூன்று குவியலாக்கினேன். வாடகை, விளக்கு, கட்டட வரி இரண்டாயிரம்: இடக் கணக்கில். தேய்மானம், இன்சூரன்ஸ், பழுது ஐயாயிரம்: இயந்திர மதிப்பில். கேன்டீன், டைம் ஆபீஸ், மருந்துப் பெட்டி மூவாயிரம்: ஆள் கணக்கில். மில் முழுதும் இருபதாயிரம் சதுர அடி, அதில் ரீலிங் நாலாயிரம். ஐந்தில் ஒரு பங்கு, நானூறு ரூபாய். இயந்திர மதிப்பில் நூற்றுக்கு நாலு, இருநூறு ரூபாய். ஆள் கணக்கில் மட்டும் பழைய நாற்பது, ஆயிரத்து இருநூறு. மொத்தம் ஆயிரத்து எண்ணூறு. நாலாயிரம் இருந்த இடத்தில்! மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். நஷ்டம் போய், கான்ட்ராக்டர் விலையைவிட எண்ணூறு ரூபாய் மிச்சம் நின்றது.

சந்தோஷப்பட முடியவில்லை. பத்தாயிரம் பத்தாயிரமாகவே இருக்கும். ஒரு தலையிலிருந்து இறக்கினால் இன்னொரு தலையில் ஏறியாக வேண்டும். ஸ்பின்னிங்குக்கு மூவாயிரத்து ஐந்நூறாக இருந்தது ஐயாயிரத்து முந்நூற்றைம்பது ஆனது. கார்டிங்குக்கு முந்நூற்றைம்பது கூடியது. ஸ்பின்னிங் மாஸ்டருக்குத் தன் பிரிவின் லாபத்தில் வருடக் கமிஷன் உண்டு. மகனைத் திருச்சியில் கல்லூரியில் சேர்த்திருந்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு முதலாளி அறையில் நாங்கள் மூவர்: முதலாளி, மாஸ்டர், நான். டைப்பிஸ்டால் அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை; நோட்டீஸ் டைப் ஆகி மேஜையில் இருந்தது, கையெழுத்துக்கு. நான் புதுத் தாளை அதன் மேல் வைத்தேன்.

“போன தடவ நான் பிரிச்சது தப்புங்க,” என்றேன்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மாஸ்டர் எட்டிப் பார்த்தார். தன் பிரிவின் எண்ணைக் கண்டதும் முகம் இறுகியது.

“ரெண்டு மாசத்துக்கு முன்னால ஒரு கணக்கு, இன்னைக்கு ஒரு கணக்கா? நாளைக்கு இன்னொண்ணு போடுவீங்களா?” என்றார் என்னிடம். பிறகு முதலாளியிடம், “அந்தப் பொம்பளைங்க இவர மெரட்டியிருக்காங்க. சனிக்கெழம டேப்ப மிதிச்சிக்கிட்டு நின்னத என் ஆளுங்க பாத்திருக்காங்க,” என்றார்.

“அப்படியா?” முதலாளி என்னைப் பார்த்தார்.

“மிதிச்சது உண்மைங்க. ஆனா கணக்கு அதுக்காகப் போட்டதில்ல. இன்சூரன்ஸ் பாலிசியப் பாருங்க. பிரீமியம் மிஷின் மதிப்புக்குத்தான் கட்டுறோம், ஆளுக்கு இல்ல.”

மாஸ்டர் விடவில்லை. “ரீலிங் ஷெட்டு ஐயாயிரம் அடி. அதக் கட்டுறப்பவே நான் இங்க இருந்தவன். இவரு நாலாயிரம்னு எழுதியிருக்காரு. இதுலயே தெரியலயா?”

“ஆயிரம் அடியில பேல் கெடக்குங்க. அதக் கார்டிங்ல சேத்திருக்கேன்.”

முதலாளி எழுந்தார். “வாங்க, பாத்துருவோம்.”

அந்த நடை என் ஆயுளில் மிக நீளமானது. சனிக்கிழமைக்குப் பிறகு பேல்களை எடுத்திருந்தால் நான் பொய்யன். நாங்கள் மூவரும் ஷெட்டுக்குள் நுழைந்ததும் சட்டங்கள் மொத்தமாக நின்றன. ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கறம்பக்குடிக்காரி எழுந்து நின்றாள். முதலாளி யாரையும் பார்க்காமல் நேரே பின்பக்கம் போனார். பேல்கள் இருந்தன. கையால் ஒன்றைத் தட்டிப் பார்த்தார்.

“இது எத்தன நாளா இங்கிட்டு கெடக்கு?”

“எப்பவுமே இங்கதான் கெடக்கும்,” என்றாள் அவள், என்னை முந்திக்கொண்டு. “நாங்கதான் எலி வெரட்டுறோம்.”

அறைக்குத் திரும்பியதும் முதலாளி என் தாளை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “ஒம் பழைய கணக்கே சரின்னு வச்சிக்குவோம். மூடினா அந்த நாலாயிரம் எனக்கு மிச்சமாகுமா, ஆகாதா?”

இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மனதுக்குள் கூட்டிப் பார்த்துச் சொன்னேன். “ஆகாதுங்க. ஷெட்டு காலியாக் கெடந்தாலும் வாடகை போகும். ஸ்பின்னிங் தேய்மானம் குறையாது. கேன்டீன்ல ஒரு அறுநூறு மிச்சமாகலாம். கூலி ஆறாயிரத்து நானூறோட சேத்து ஏழாயிரம் மிச்சம். கான்ட்ராக்டருக்கு ஒம்பதாயிரம் குடுக்கணும்.”

“அப்ப மூடினா மாசம் ரெண்டாயிரம் என் கையிலேர்ந்து போகும்.”

“ஆமாங்க.”

“இத மொதல்லயே சொல்ல ஒனக்கு என்ன கேடு?” முதலாளி அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “எண்பது குடும்பத்து வயித்தெரிச்சலக் கொட்டிக்க இருந்தேனே!”

நோட்டீஸை நாலாகக் கிழித்தார். அந்த வருடம் எனக்கு ஊதிய உயர்வு கிடையாது என்று அப்போதே சொன்னார். மாஸ்டரின் கமிஷன் அந்த வருடம் பழைய கணக்கிலேயே, அடுத்த வருடம் முதல் புதுக் கணக்கில். இரண்டு பேரும் தலையாட்டினோம்.

மாஸ்டர் அதற்கப்புறம் என்னிடம் பேசவே இல்லை. அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் அவசரக் கணக்கை நம்பித்தான் அவர் மகனுக்குப் பணம் கட்டியிருந்தார். மறு வருடம் மதுரைப் பக்கம் வேறு மில்லுக்குப் போய்விட்டார்.

என்ன நடந்தது என்று ரீலிங் பெண்களிடம் கடைசி வரை யாரும் சொல்லவில்லை. சம்பள நாளில் கறம்பக்குடிக்காரி ஜன்னலுக்கு வருவாள், விரலில் மை தடவிக்கொள்வாள், பணத்தை என் கண் முன்னாலேயே இரண்டு முறை எண்ணுவாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள். ஒரு தடவை சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. ஆனால் எதைச் சொல்வது? காப்பாற்றியதைச் சொன்னால், முதலில் அவர்களை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.