பழைய லிங்க்

திருமயத்தில் எங்கள் ஸ்டுடியோ. கணவர் கல்யாணங்களைப் படமெடுப்பார், எடிட்டிங் என் வேலை. பல வருடத்துப் படங்களும் வீடியோக்களும் ஒரே கிளவுட் டிரைவில் இருந்தன. வாடிக்கையாளர்களுக்கு அங்கிருந்துதான் லிங்க் அனுப்புவோம். அங்கே கட்டணம் ஏறியதால் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடிவு செய்தோம். அத்தனையையும் இறக்கி ஏற்ற லேப்டாப்பில் இடமில்லை, எங்கள் நெட்டும் தாங்காது.

அதனால் கிளவுட்டிலிருந்து கிளவுட்டுக்கு நேராக நகலெடுக்கும் ஒரு சேவையைப் பிடித்தேன். இரண்டு கணக்குகளிலும் நுழைந்து அதற்கு அனுமதி கொடுத்தேன். அதன் சர்வர் ஒரு பக்கம் படித்து மறுபக்கம் எழுதியது. லேப்டாப்பை மூடினாலும் வேலை நடந்தது. முதலில் ஒரு ஃபோல்டரை மட்டும் அனுப்பி, புதிய இடத்தில் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றதை அனுப்பினேன். முடிந்ததும் இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் ஒப்பிட்டேன். சில வீடியோக்கள் பாதியில் நின்றுபோயிருந்தன. மறுபடி ஓட்டியதும் விட்டுப்போனவை மட்டும் போய்ச் சேர்ந்தன.

"பழைய லிங்க் வச்சிருக்கவங்களுக்குச் சொல்ல வேணாமா?" என்றார் கணவர்.

கோப்புகள் மட்டும்தான் நகரும், பழையதை அழித்தால் பழைய லிங்க் திறக்காது என்று எனக்குத் தெரியும். "எல்லாரும் அப்பவே எறக்கி வச்சிருப்பாங்க" என்றேன். உண்மையில் எனக்குச் சோம்பல். பழைய டிரைவில் இருந்ததை அழித்தேன். அதன் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

சில வாரம் கழித்துப் பொன்னமராவதியிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்தார். அவர் மகள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம்.

"என் போனு கெட்டுப்போச்சு போலம்மா. வீடியோ தெறக்க மாட்டேங்குது. கடையில குடுத்துப் பாத்தேன், அங்கயும் சரியாகல. அவரு பேசுறது அதுல மட்டுந்தான் இருக்கு."

அவர் கணவர் கல்யாணம் முடிந்த சில மாதத்தில் இறந்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. தினமும் சாப்பிட உட்காரும்போது அந்த அம்மா அந்த வீடியோவைப் போட்டுக்கொள்வாராம்.

"எதையாச்சும் தெரியாம அமுக்கிட்டேனோன்னு மககிட்டகூடச் சொல்லல. திட்டுவான்னு பயம்."

அந்த வீடியோவைத் தேடி எடுத்தேன். பந்தியில் நின்று "இந்தப் பக்கம் சாம்பார் ஊத்துங்கப்பா" என்று அந்த மனிதர் சத்தம் போட்டார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"போன்ல ஒரு கோளாறும் இல்லம்மா. வீடியோவ நாங்க வேற எடத்துக்கு மாத்துனோம். ஒங்களுக்குச் சொல்லாம விட்டது நாந்தான்" என்றேன்.

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அப்ப என் தப்பு இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அந்த நிம்மதியைப் பார்க்க என்னால் முடியவில்லை.

வீடியோவை அவர் போனிலேயே ஏற்றிக் கொடுத்தேன். புதிய லிங்கையும் அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று கடையைப் பாதி சாத்திவிட்டு, பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் புதிய லிங்க் அனுப்ப உட்கார்ந்தேன். சிலர் உடனே பார்த்தார்கள். சில எண்கள் இப்போது உபயோகத்தில் இல்லை. அவர்களை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை.