நாலு கம்மி

"என் நெத்தியில ஏமாளின்னு எழுதி ஒட்டியிருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லு, ஒட்டியிருக்கா?"

இதை என் அத்தை காலையில் பல் துலக்கும்போது ஒருமுறை கேட்பாள், மாலையில் கடையைப் பூட்டும்போது ஒருமுறை கேட்பாள். நடுவில் எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தவர் இல்லை. வலது கை நெற்றியைத் தட்டும், இடது கை இடுப்புக்குப் போகும், புருவம் இரண்டும் கூரையைப் பார்க்கும். கண்ணாடி முன்னால் நின்று அவளைப் போலச் செய்து பழகிய எனக்கே இன்னும் அந்தப் புருவம் சரியாக வரவில்லை.

அப்பாவின் தங்கை. மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் குனிந்து நுழையும் கடை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு ஸ்டூல். வேலை, வாங்கிய துணியைச் சரிபண்ணிக் கொடுப்பது: பேன்ட்டின் காலைக் குறைப்பது, சட்டை இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. தெருவில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லாருக்கும் அவள் 'நாலு கம்மி'. எந்த வண்டிக்காரர் எந்த விலை சொன்னாலும் அவள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான்.

"கிலோ முப்பது அக்கா."

"நாலு கம்மி பண்ணு."

"இருபத்தாறா? சரி, வாங்கிக்கோங்க."

"அதுலேருந்து நாலு கம்மி."

தக்காளி வண்டிக்காரி இருபத்திரண்டுக்கு இறங்கியதும் அத்தை ஒரு தக்காளியை எடுத்து, குழந்தையின் காய்ச்சலைப் பார்ப்பது போல் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இருபது" என்பாள். அதற்குள் தெருப் பெண்கள் பைகளோடு கூடிவிடுவார்கள். யாரும் தனியாகப் பேசமாட்டார்கள். அத்தை அடித்து முடித்த விலைதான் அன்றைக்கு எல்லாருக்கும் விலை. நாலு கம்மி சம்மதித்தால் தராசு ஆடும், அவள் திரும்பி நடந்தால் கூட்டமும் திரும்பும்.

ஒரு நாள் நான் கேட்டேன், "ஏன் அத்தை, அந்த ரெண்டு மூணுல நீ வீடு கட்டப்போறியா?"

"போடா வாயாடி. காசு இல்லடா விஷயம். நான் முப்பதுக்கு வாங்கிட்டு வருவேன். கீழ்வீட்டம்மா இருபதுக்கு வாங்கிட்டு வந்து, 'அய்யோ, உனக்கு முப்பதா?'ன்னு கேப்பா. அந்த 'அய்யோ' இருக்கே, அதை எவளாலயும் தாங்க முடியாது. அதோட, வண்டிக்காரி ஏத்தித்தான் சொல்றா. நானே பேன்ட் குறைக்க அம்பது வாங்க அறுபதுன்னுதானே ஆரம்பிக்கிறேன்? எனக்குத் தெரியாதா?"

திருடனுக்குத்தான் திருடனின் கால்தடம் தெரியும் என்று நான் சொல்ல, ஸ்கேல் பறந்து வந்தது.

பழைய மெஷின் மக்கர் பண்ணியதால் புதிதாக வாங்க அவள் கண்ணாடிக் கதவுக் கடைக்குப் போனபோது நான்தான் துணைக்குப் போனேன். உள்ளே ஏசி. டை கட்டிய பையன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "மேடம், இதுல உட்காருங்க. மேடம், ஜூஸ் சாப்பிடறீங்களா?" மேடம் உட்கார்ந்தாள். முதுகு நிமிர்ந்தது. புடவை முந்தானை மடிப்பு தானாகச் சரியானது. மெஷினின் மேல் ஒட்டியிருந்த விலையை அவள் பார்த்தாள். ஒரு மாதத்துத் தையல் கூலி அது. உதடு அசைந்தது. நான் 'நாலு கம்மி'க்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"மேடம், ரெண்டு வருஷம் கூடுதல் கேரன்டி போட்டுடலாமா? சின்ன அமவுன்ட்தான்."

"போடுங்க தம்பி" என்றாள் மேடம். அந்தச் சின்ன அமவுன்ட்டில் தக்காளி வண்டியையே வாங்கியிருக்கலாம்.

வெளியே வந்ததும் கேட்டேன். "அங்க ஏன் பேசல?"

"அங்க எப்படிடா பேசறது? ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே! நாலு பேரு பாக்கறாங்க. காசில்லாதவ போலிருக்குன்னு நினைக்க மாட்டாங்க? எல்லாருக்கும் அதே விலைதானே, யாரு வந்து 'அய்யோ'ன்னு சொல்லப்போறா?" சொல்லிவிட்டு, மெஷினை வண்டியில் ஏற்றிய கூலிக்காரரிடம் திரும்பினாள். "நாலு கம்மி பண்ணுப்பா."

மறுநாள் காலை தக்காளி வண்டியில் ஒரு அட்டை தொங்கியது. கரியால் எழுதியிருந்தது: 'கிலோ 24. எல்லாருக்கும்.'

"நாலு கம்மி" என்றாள் அத்தை, அட்டையைப் பார்க்காதவள் போல.

"இல்லக்கா. இனிமே பேச்சே கிடையாது." வண்டிக்காரி அட்டையை எடுக்கவில்லை. "மூணாவது மாடி டீச்சரம்மா பேசாம முப்பது குடுத்துட்டுப் போவாங்க. நீங்க அடிச்சு எறக்குற இருபதை நான் அவங்களை வச்சுத்தான் ஈடுகட்டினேன். நேத்து அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. என்னைத் திருடின்னுட்டாங்க. பெட்டிக்கு அடியில நசுங்குனது போக, வண்டி வாடகை போக, இருபத்துநாலு வந்தாத்தான்க்கா எனக்குக் கட்டும். இன்னிக்கு விக்கலைன்னா இந்தத் தெருவையே விட்டுடறேன். வேற மூலை பாத்துக்கறேன்."

பைகளோடு நின்ற பெண்கள் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை அட்டையைப் பார்த்தாள். ஒரு தக்காளியை எடுத்தாள், வைத்தாள், வேறொன்றை எடுத்தாள். கடைசியில் விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். கூட்டமும் திரும்பியது.

கடைக்கு வந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. புது மெஷினில் நூல் கோர்த்தாள், அவிழ்த்தாள். ஸ்டூலை வாசல் பக்கம் நகர்த்தினாள், உள்ளே நகர்த்தினாள். "பெரிய கலெக்டரு, போர்டு போடறா" என்றாள். ஊசி ஒன்று ஒடிந்தது. வெயில் ஏறியது. வண்டிக்காரி தக்காளி மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி, அதன் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தாள். யாரும் வரவில்லை. அத்தை எட்டிப் பார்த்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எட்டிப் பார்த்தாள்.

அப்போது ஒருவர் காரை நிறுத்திவிட்டு, புது பேன்ட்டோடு வந்தார். விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்த தொகைக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் அடுப்பு எரியும்.

"காலைக் குறைக்கணும். எவ்வளவு?"

"அறுபது சார்."

"அறுபதா? சும்மா ரெண்டு தையல்! முப்பது தரேன்."

அத்தை அந்தச் சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். "இந்த பேன்ட்டை வாங்கும்போது கடையில பேசினீங்களா சார்?"

"அங்க எப்படிப் பேசறது? ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பது போல.

அதே சொல், அதே ராகம். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தாள். 'இப்ப மட்டும் நீ என்னை மாதிரிப் பேசிக் காட்டினே, கொன்னுடுவேன்' என்ற பார்வை.

"அம்பது சார். அதுதான் சரியான விலை. அதுக்கு மேல ஏத்தவும் மாட்டேன், கீழ எறங்கவும் மாட்டேன்." பேன்ட்டை ஸ்டூலில் வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய பையை எடுத்தாள். "இருங்க, வந்துடறேன்."

அவள் தெருவைக் கடந்தபோது ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வண்டிக்காரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போக, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டையை எடுத்துவிட்டிருந்தாள். அத்தை சக்கரத்தின் குறுக்கே போய் நின்றாள்.

"ரெண்டு கிலோ."

வண்டிக்காரிக்குக் காதில் விழுந்ததா தெரியவில்லை. தராசைக் கையில் எடுக்கவே நேரமாயிற்று. அத்தை நாற்பத்தெட்டை எண்ணி, சில்லறை சரியாக அவள் உள்ளங்கையில் வைத்தாள். அதற்குள் மாடிகளிலிருந்து பைகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. எல்லாருக்கும் முன்னால் வந்தது கீழ்வீட்டம்மா.

"என்ன நாலு கம்மி, அட்டையைப் பாத்ததும் வாயில தையல் விழுந்துடுச்சா?"

அத்தை பையை அகலமாக விரித்துப் பிடித்தாள்.

"தையல் விழுந்தது விலைக்குத்தான்டி, என் வாய்க்கு இல்ல. இருபத்துநாலுன்னு எழுதினா, இருபத்துநாலு குடுத்தேன். கொசுறு கிடையாதுன்னு அட்டையில எங்க எழுதியிருக்கு? ஏய் பொண்ணு, போடு இன்னும் ரெண்டு தக்காளி, நசுங்காததாப் பாத்து! என் நெத்தியில என்ன, ஏமாளின்னா எழுதி ஒட்டியிருக்கு?"