மாரிக்கண்ணு முடிக்க நெனச்ச நடை

கீரமங்கலம் பக்கம் மொய் எழுதாத வீடு கிடையாது. வாங்குனத திருப்பிச் செய்யறது பழைய நடை. அதுக்கு மேல வைக்கிறது புது நடை. புது நடை வச்சாத்தான் உறவு ஓடும். வாங்குனத மட்டும் குடுத்தா, கணக்க முடிச்சுக்கிட்டேன்னு அர்த்தம்.

மாரிக்கண்ணு அதைத்தான் செய்யப் பாத்துச்சு. ஒரே மக, கட்டிக் குடுத்தாச்சு. இனி மாரிக்கண்ணு வீட்ல விசேஷம் ஏது, மொய் வாங்க? பால் வித்த காசுல மாசாமாசம் ஒதுக்கி, இந்த வருசத்து மூணு விசேஷத்துலயும் வாங்குனத குடுத்து முடிக்கிறதா திட்டம். வைகாசில நாத்தனா மக கல்யாணம், ஆடில தம்பி அடைக்கலத்தோட மொய் விருந்து, ஆவணில சின்ன மாமனார் வீட்டுப் புதுமனை. வீட்ல வச்சா புருசன் ரெங்கசாமி கை சும்மா இருக்காதுன்னு, காசு எப்பவும் இடுப்புப் பையிலதான் இருக்கும்.

நாத்தனா மக கல்யாணத்துல அஞ்சாயிரம் குடுத்து முடிச்சாச்சு. அவங்க மூஞ்சிய மட்டும் தூக்கி வச்சுக்கிட்டாங்க.

ஆடி விருந்துல, அதே தெருக்காரன் நானும் மாரிக்கண்ணு பக்கத்துலதான் நின்னேன். விவசாயத் தொழிலாளி சங்கத்துல இருந்தவன், கூலிக்காக எத்தனையோ பண்ணை வாசல்ல கத்தியிருக்கேன்.

மொய் எழுதுறவர் கேட்டார், "ஆத்தா, பழசு எவ்வளவு, புதுசு எவ்வளவு?"

"பழசு பத்தாயிரம். புதுசு இல்ல."

பேனா நின்னுச்சு. "அப்ப முடிச்சுக்கிறீகளா?"

பந்தியில எலை போட்டுக்கிட்டிருந்த அடைக்கலம் திரும்பிப் பாத்தான். கைய வேட்டியில தொடச்சுக்கிட்டே வந்தான்.

"யாருக்கா முடிக்கச் சொன்னா? மச்சானா?"

"யாரும் சொல்லலடா. இனிமே எனக்கு என்ன விசேஷம் இருக்கு, ஒங்கிட்ட திரும்ப வாங்க?"

"வாங்க ஒண்ணும் இல்லன்னா நான் ஒனக்கு யாரு? பால் ஊத்துற கடைக்காரனா?"

"கிறுக்குப் பயலே, அது இல்லடா..."

"எழுதிக்கங்க அண்ணே. எங்கக்கா என்னைய முடிச்சுக்கிச்சு." அவன் குரல் ஒடஞ்சு போச்சு. பந்தியில பாதிப் பேரு கறிய விட்டுட்டுப் பாத்தாக.

மாரிக்கண்ணு என்னையப் பாத்துச்சு. இது மொதலாளி இல்ல, கொடி புடிக்க. தம்பி அழுவுறான்.

மாரிக்கண்ணு இடுப்புப் பைய அவுத்துச்சு. ஆவணிக்கு வச்சிருந்த எட்டாயிரத்தையும் எடுத்துப் போட்டுச்சு.

"புதுசு எட்டாயிரம்னு எழுதுங்கய்யா. தம்பி, போய் எலை போடு, போ."

அவன் சிரிச்சிட்டான். "கடைசி பந்தியில நல்ல எலும்பா எடுத்து வைக்கிறேங்க்கா, இருந்து சாப்பிட்டுப் போ."

ஆவணி பொறந்துச்சு. சின்ன மாமனார் வீட்டுலேர்ந்து பத்திரிக்கையோட வந்துட்டாக. அந்த மொய்க்காக மாரிக்கண்ணு விக்க நிறுத்துன கெடாரிக் கன்னுக்குட்டிய தரகர் வந்து வெல பேசுறப்ப நான் கூட நின்னேன். ஏழரை ஆயிரத்துக்கு மேல அந்த ஆளு ஏறல. மிச்சத்துக்குப் பால் சொசைட்டில முன்பணம் கேட்டிருக்கு.

"அங்கயும் புதுசு கேப்பாகளா தோழரே?"ன்னு கேட்டுச்சு. கேப்பாங்க. எனக்கும் தெரியும், அதுக்கும் தெரியும். தரகர் கயித்த அவுக்க ஆரம்பிச்சாரு. நாங்க ரெண்டு பேரும் அவரு கையவே பாத்துக்கிட்டு நின்னோம்.